எம்.பி.என். என்பதற்கு வீட்டாருக்குப் புரிகிற தமிழ்ச்சொல் வேண்டும்

மலர்விழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குடிநீர்ச் சோதனை அறிக்கையை வீட்டில் இருப்பவர்கள் தாங்களே படித்துப் புரிந்துகொள்ள ஒரு பக்கத்தில் விளக்கத்தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடினத்தன்மைக்கும் மொத்தக் கரைபொருளுக்கும் சொல் பழகிவிட்டது. நான் நிற்பது கிருமி வரிசையில். அங்கே எண்ணுக்குப் பக்கத்தில் 'எம்.பி.என்./100 மி.லி.' என்று இருக்கிறது. தமிழில் 'மிக நிகழ்தகவு எண்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அதைப் படித்துவிட்டு ஒரு வீட்டில் என்ன செய்வார்கள்?

கையில் இருக்கும் அறிக்கை திறந்த கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் ஒரு வீட்டினுடையது. கடினத்தன்மை 420, டி.டி.எஸ். 980, மொத்தக் கோலிபார்ம் 23, ஈ. கோலை 'காணப்பட்டது'. வீட்டார் பயந்தது 980ஐப் பார்த்து. 23 சின்ன எண், அதனால் அதைக் கடந்து போய்விட்டார்கள். இந்த மூன்று எண்களில் உடனே கவனிக்க வேண்டியதே அந்த 23தான் என்பதால், சொல் சரியாக அமைய வேண்டும் என்று நினைக்கிறேன். 'கிருமி எண்ணிக்கை' என்றே வைத்துவிடலாமா?

சண்முகம் எழுதியது:

அம்மா மலர்விழி, 'எண்ணிக்கை' மட்டும் வேண்டாம். நான் நீர் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இந்தச் சோதனையைக் கையால் செய்தவன். இதில் யாரும் எதையும் எண்ணுவதில்லை.

நடப்பது இதுதான். சத்துக் கரைசல் நிரப்பிய 15 குழாய்கள். முதல் ஐந்தில் 10 மி.லி. தண்ணீர், அடுத்த ஐந்தில் 1 மி.லி., கடைசி ஐந்தில் 0.1 மி.லி. இவற்றை உடம்புச் சூட்டை ஒட்டிய வெப்பத்தில் இரண்டு நாள் வரை வைத்திருப்போம். கரைசல் நிறம் மாறி, உள்ளே கவிழ்த்து வைத்த சின்னக் குழாயில் வாயுக் குமிழ் சேர்ந்தால் அந்தக் குழாயில் ஒரு கிருமியாவது இருந்திருக்கிறது என்று பொருள். ஒன்றா, ஆயிரமா என்று அந்தக் குழாய் சொல்லாது. ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை குழாய் மாறியது என்று பார்த்து அட்டவணையில் தேடுவோம். பெரிய அளவுக் குழாய் ஐந்தும் மாறி மற்ற பத்தும் மாறாமல் இருந்தால் அட்டவணை காட்டுவது 23. உங்கள் அறிக்கையின் 23 இப்படி வந்ததுதான். உண்மையில் அந்தத் தண்ணீரில் 100 மி.லி.க்கு 10க்குக் கீழேயும் இருந்திருக்கலாம், 60, 70 வரையிலும் இருந்திருக்கலாம். அதனால் அடுத்த முறை 33 என்று வந்தால் 'கூடிவிட்டது' என்று வீட்டார் பதறக்கூடாது, 13 என்று வந்தால் 'குறைந்துவிட்டது' என்று நிம்மதி அடையவும் கூடாது.

சொல்லில் 'மதிப்பீடு' என்ற பொருள் வந்தே ஆக வேண்டும். என் பரிந்துரை: நுண்ணுயிர் மதிப்பீட்டு எண்.

பிரபு எழுதியது:

ஐயா சொல்வது புரிகிறது, ஆனால் 'மதிப்பீட்டு எண்' என்பதை வேகமாகப் படித்தால் மதிப்பெண் மாதிரி இருக்கிறது. மதிப்பெண் கூடினால் நல்லது என்றுதான் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. இங்கே கூடினால் கெடுதி. நான் 'குத்துமதிப்பு' என்று எழுதச் சொல்வேன், யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

அப்புறம் அந்த வீட்டுக்கு ஒரு ஆர்.ஓ. வைத்துவிட்டால் எல்லாமே தீர்ந்துவிடுமே? 980 டி.டி.எஸ். 60, 70க்கு இறங்கும், அதோடு கிருமியும் போய்விடும். மீட்டரை முக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சண்முகம் எழுதியது:

தம்பி பிரபு, 'மதிப்பெண்' பற்றிச் சொன்னது சரியான எச்சரிக்கை, எடுத்துக்கொள்கிறேன். 'குத்துமதிப்பு' சரிவராது, ஏனென்றால் இது யாரோ பார்வையால் சொன்ன கணக்கு இல்லை, நிகழ்தகவு வைத்துப் போட்ட அட்டவணை. அப்படி எழுதினால் 'ஆய்வகமே சும்மா சொல்லியிருக்கிறது' என்று அறிக்கையைத் தூக்கி வைத்துவிடுவார்கள்.

ஆர்.ஓ. விஷயத்தில் பாதிதான் சரி. நல்ல நிலையில் இருக்கும் சவ்வு கிருமியைத் தடுக்கும், உண்மை. ஆனால் பல கருவிகளில் சுவைக்காக உள்ளே வரும் தண்ணீரில் ஒரு பங்கைச் சவ்வு வழியே விடாமல் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று இருக்கிறது, அந்தப் பங்கு கிருமியோடு போகாமல் இருக்க புற ஊதா விளக்கு வேலை செய்ய வேண்டும். சேமிப்புத் தொட்டியிலும் குழாய் முனையிலும் மறுபடி கிருமி சேரும். இதில் எதையும் மீட்டர் காட்டாது. அந்த மீட்டர் அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதைத்தான், அதை ஒரு காரணியால் பெருக்கி டி.டி.எஸ். என்று காட்டுகிறது. சாக்கடை கலந்த மழைநீரிலும் அது 100க்குக் கீழே காட்டக்கூடும்.

இந்த வீட்டின் 980, 420 இரண்டும் இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 சொல்லும் இரண்டு வரம்புகளுக்கு நடுவில் வருகின்றன. டி.டி.எஸ். 500க்குள் இருப்பது விரும்பத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2000 வரை. கடினத்தன்மைக்கு 200, 600. சுவை மட்டாக இருக்கும், பாத்திரத்தில் வெள்ளை படியும். ஈ. கோலைக்கு இரண்டாவது வரம்பே கிடையாது, 100 மி.லி.யில் தென்படவே கூடாது.

கோமதி எழுதியது:

நானும் இதைத்தான் கேட்க நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் கடினத்தன்மை 550, எனக்கு முடி கொட்டுகிறது, என் கணவருக்குச் சிறுநீரகக் கல். கடின நீருக்கு என்ன தமிழ்ச்சொல் வைத்தாலும் பரவாயில்லை, இதைக் குடிக்கலாமா கூடாதா? தண்ணீரைக் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகத் துகள் வருகிறது, அது கிருமியா?

தர்ஷினி எழுதியது:

கோமதி அக்கா, அந்த வெள்ளைத் துகள் கிருமி இல்லை, சுண்ணாம்பு. நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் நிலத்துக்குக் கீழ சுண்ணக்கல், கிணற்றுத் தண்ணியில இது எப்பவும் இருக்கும், கேத்தில் உள்பக்கம் ஓடு மாதிரிப் பிடிக்கும். காய்ச்சும்போது பைகாபனேற்று உடைஞ்சு கல்சியம் காபனேற்றாப் படியுது, அதனால காய்ச்சின தண்ணியில வன்மை கொஞ்சம் குறையும். வன்மை என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிச்சது, நீங்கள் கடினத்தன்மை என்று எழுதுறீங்கள், தாளில இரண்டையும் போட்டால் எங்கட ஆக்களுக்கும் உதவும். சிறுநீரகக் கல்லுக்கு மருத்துவரிட்டக் கேளுங்கோ, தண்ணியை மட்டும் காரணமாக்க ஏலாது.

எங்களுக்கு உண்மையான கவலை மலக்குழி. சுண்ணக்கல்லில வெடிப்பும் ஓட்டையும் கூட, மண்ணில வடிகிற மாதிரி வடிகட்டுப்படாமல் குழித் தண்ணி நேர கிணற்றுக்கு வந்திடும். அதனால மலர்விழி அக்கா சொன்ன அந்த 23 தான் எனக்கும் முதலில் கண்ணில் பட்டது. ஈ. கோலையும் இருக்கெண்டால் மனிதரதோ மாட்டினதோ கழிவு எங்கேயோ சேருது. கோலிபார்ம் மட்டும் என்றால் மண், இலையில இருந்தும் வரலாம்.

என்ட கேள்வி: அறிக்கையில '<2' என்று வந்தால் அதை எப்படி எழுதப் போறீங்கள்? என்ட சித்தி 'ஒரு கிருமி இருக்கு' என்று வாசிச்சு அந்தத் தண்ணியை ஊத்திப் போட்டா.

சண்முகம் எழுதியது:

நல்ல கேள்வி மகளே. 15 குழாயில் ஒன்றுகூட மாறாவிட்டால் அட்டவணை தரும் விடை '<2', சில அட்டவணையில் '<1.8'. இந்தச் சோதனையால் சொல்லக்கூடிய மிக நல்ல செய்தி அதுதான், பூஜ்யம் என்று இதனால் எழுத முடியாது. கூட்டிப் பாருங்கள், ஐந்து 10, ஐந்து 1, ஐந்து 0.1, மொத்தம் 55.5 மி.லி. தண்ணீரைத்தான் நாம் பார்த்திருக்கிறோம், 100ஐ முழுதாகப் பார்க்கவே இல்லை. அதனால் தாளில் 'இல்லை' என்று எழுதாமல் 'தென்படவில்லை' என்று எழுதுங்கள்.

மலர்விழி எழுதியது:

'தென்படவில்லை' எடுத்துக்கொண்டேன். சொல்லுக்கு இப்போது 'கிருமி மதிப்பீடு' என்று வைக்கிறேன், எண் என்ற சொல்லே இல்லாமல். '23' என்று மட்டும் போடாமல் 'கிருமி மதிப்பீடு: சுமார் 23' என்று அந்தச் 'சுமார்' சேர்ந்தே வரும்.

அந்த வீட்டில் இப்போதைக்குக் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்லிவிட்டேன். கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடும் கணக்கை யாராவது சரிபார்க்க முடியுமா? வட்டக் கிணறு, விட்டம் 3 மீட்டர், நீர் ஆழம் 4 மீட்டர். சுமார் 28,000 லிட்டர் வருகிறது.

சண்முகம் எழுதியது:

கணக்கு சரி. நல்ல பவுடராக இருந்தால் 1000 லிட்டருக்கு 2.5 கிராம், ஆக 70 கிராம். திறந்து வைத்துப் பழசான பவுடரில் குளோரின் போயிருக்கும். அப்படியே கொட்ட வேண்டாம், வாளியில் கரைத்துச் சற்று நேரம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியை இறக்கி ஏற்றிக் கலக்க வேண்டும். அடிமண்டியையும் ஊற்றினால் 420 இன்னும் ஏறும். ஒரு மணி நேரம் விட்டுப் பயன்படுத்தலாம். கழிவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காவிட்டால் சில நாளில் மறுபடி 23 வரும், கழிவுக்குழியும் கிணற்றுச் சுவரின் வெடிப்பும் முதலில்.

மறுசோதனைக்குத் தண்ணீர் பிடிப்பதையும் தாளில் சேருங்கள். கடையில் வாங்கிய பாட்டிலைக் கழுவிப் பிடித்து வந்தால் அறிக்கையில் வருவது பாட்டிலின் கிருமியாகவும் இருக்கலாம். ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும், குளோரின் போட்ட கிணறு என்று சொல்லிக் கேட்டால் குளோரினை முறிக்கும் உப்பு போட்டது தருவார்கள். பனிக்கட்டியோடு அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும்.

பிரபு எழுதியது:

மீட்டர் பற்றி ஐயா சொன்னது எனக்குப் புதிது, நன்றி. ஆனாலும் 'கிருமி மதிப்பீடு' எனக்கு ஒட்டவில்லை. சில ஆய்வகங்கள் சவ்வு வழியே முழு 100 மி.லி.யையும் வடிகட்டி, மேலே வளரும் புள்ளிகளை எண்ணி 'சி.எஃப்.யு.' என்று தருகின்றன. அது உண்மையிலேயே எண்ணிக்கை. இரண்டுக்கும் 'கிருமி மதிப்பீடு' என்று எழுதுவோமா, வேறு வேறு சொல்லா?

சண்முகம் எழுதியது:

வேறு சொல்தான் வேண்டும். 'புள்ளி எண்ணிக்கை' என்று எழுதலாம் என்று தோன்றுகிறது, ஆனால் ஒரு புள்ளி ஒரே கிருமியிலிருந்து வந்ததா, ஒட்டிக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து வந்ததா என்று தெரியாது. 'கூட்ட எண்ணிக்கை'யும் பார்த்தேன், பொதுக்கூட்டம் நினைவுக்கு வருகிறது. தர்ஷினி, உங்கள் பக்கத்துப் பாடநூலில் இதற்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.