புதுப்பிப்பு: பட்ஜெட் வரிகளும் லெட்ஜர் கோடுகளும்

முன்பு கேட்டது: "எங்கள் அறக்கட்டளையில் மூன்று திட்டங்கள், கணக்கு டாலியில். பட்ஜெட்டின் எந்த வரிக்கு எந்தக் கோடு என்று குழப்பமே வராமல் எப்படி அமைப்பது?"

தணிக்கை அலுவலகத்தில் இருக்கும் அக்கா சொன்ன வழிதான் கைகொடுத்தது. லெட்ஜர் செலவின் வகையை மட்டும் சொல்லும், திட்டம் காஸ்ட் சென்டரில் போகும். திட்டத்துக்குத் திட்டம் தனி லெட்ஜர் போடச் சொன்ன நண்பரின் முறையிலும் தொகை சரியாகவே வரும், ஆனால் திட்டம் முடிந்த பிறகும் அந்த லெட்ஜர்கள் பட்டியலில் கிடக்கும்.

சிக்கல் வந்த இடம் பயணச் செலவு. கல்வித் திட்டத்தில் பணியாளர் பயணம் 60,000, பயிற்சியாளர் பயணம் 40,000 என்று இரண்டு வரிகள், இரண்டுக்கும் 5210 என்ற ஒரே லெட்ஜர் கோடுதான். அதில் 35,000 செலவானால் எந்த வரியில் எவ்வளவு என்று ஒவ்வொரு வவுச்சராகப் படித்துத்தான் பிரிக்க முடியும். அதனால் பயிற்சியாளருக்கு 5220 திறந்தோம், நடுவில் எண்களை வேண்டுமென்றே காலியாக விட்டோம். முகாம் என்ற ஒரே வரிக்குள் மண்டப வாடகை, சாப்பாடு என்று இரண்டு லெட்ஜர் வருவதில் தவறில்லை. ஒரே லெட்ஜர், ஒரே காஸ்ட் சென்டர் ஜோடி இரண்டு வரிகளுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

இதைச் சரிபார்க்க எக்செல்லில் ஒரு பட்டியல், ஒவ்வொரு இணைப்பும் ஒரே ஒரு முறை: A பத்தியில் லெட்ஜர், B பத்தியில் காஸ்ட் சென்டர், பட்ஜெட் வரி C பத்தியில். D2-வில் இதைப் போட்டுக் கீழே இழுக்க வேண்டும்:

```
=COUNTIFS(A:A,A2,B:B,B2)
```

1-க்கு மேல் வந்தால் அந்த ஜோடி மோதுகிறது.

குடியிருப்புச் சங்கத்தின் கார்ப்பஸ் நிதி எந்தச் செலவு வரியில் வரும் என்று கேட்டவருக்கு: அது செலவு வரி அல்ல, பொறுப்புகள் பக்கத்தில் வரும் நிதி.

அலுவலக வாடகை மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஆள் கணக்கில் பிரிப்பதா, இடத்தின் அளவிலா என்று நன்கொடையாளர்களிடம் கேட்டிருக்கிறோம்.