'இலவசப் பங்கு' வேண்டாம்: போனஸ் பங்குக்கும் முகமதிப்புப் பிரிப்புக்கும் சொல் தேடி

செல்வி, கொழிஞ்சாம்பாறை

வணக்கம். பிளஸ் டூ வணிகவியலுக்குத் தமிழ்வழிக் குறிப்பு எழுதுகையில் இரண்டு சொற்களில் நின்றுவிட்டேன். பத்து ரூபாய் பங்கை இரண்டு ரூபாய் பங்குகளாக உடைக்கிறார்களே, அது ஒன்று. போனஸ் பங்கு இன்னொன்று. முதலாவதைப் 'பங்குப் பிளவு' என்றும் அடுத்ததை 'இலவசப் பங்கு' என்றும் எழுதுவதைப் பார்க்கிறேன். பிளவு என்றால் கம்பெனியே இரண்டாகிவிட்டது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். இலவசம் என்றால் "சும்மா கொடுத்தா கம்பெனிக்கு நஷ்டம்தானே டீச்சர்" என்கிறார்கள். போதாததற்கு, சுற்றிலும் மலையாளத்தில் 'முகவில' என்று கேட்டுப் பழகியதால் பங்கின் மேல் கம்பெனி குறித்திருக்கும் முகமதிப்பையும் சந்தை விலையையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். விலை பாதியாகும்போது கம்பெனியின் மதிப்பு ஏன் குறைவதில்லை என்பது சொல்லிலேயே தெரியாவிட்டாலும், தவறான எண்ணம் வராமலாவது இருக்க வேண்டும்.

ரமணி, நகரி

டீச்சர், இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்பேன். 'பங்குப் பெருக்கம்'. பங்கு வைத்திருப்பவர் பார்ப்பது எண்ணிக்கை கூடுவதும் விலை குறைவதும்தான். இரண்டிலும் முகமதிப்பு பாதியாகிறது, விலையும் பாதியாகிறது. எங்கள் பக்கம் தெலுங்கில் 'முக விலுவ' என்பார்கள். விலுவ என்றால் மதிப்புதான், அதனால் இங்கே அந்தக் குழப்பம் இல்லை.

முருகேசன், மீனாட்சிபுரம்

எனக்குச் சொல் எதுவானாலும் சரி. என் மச்சினன் ஒரு கம்பெனிப் பங்கு நூறு வைத்திருந்தான். ஒருநாள் காலையில் போனைத் திறந்தால் நானூறு ரூபாய் இருந்தது இருநூறு. பாதிப் பணம் போச்சு என்று பதறி நூறையும் விற்றுவிட்டான். அடுத்தடுத்த நாளில் கணக்கில் இன்னொரு நூறு பங்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான். இதற்கு எங்கே புகார் கொடுப்பது?

கதிரேசன், வேலந்தாவளம்

முருகேசண்ணா, புகாருக்கு இடமே இல்லை. போனஸுக்குப் பதிவுத் தேதி என்று ஒன்று வைப்பார்கள், அன்று பங்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போனஸ். அன்று காலையிலேயே பங்கு போனஸ் நீங்கிய விலையில் வியாபாரமாகத் தொடங்கும். புதுப் பங்கோ பதிவுத் தேதிக்கு அடுத்த இரண்டாவது வேலைநாளில்தான் விற்கும் நிலைக்கு வரும். இடைப்பட்ட நேரத்தில் திரையைப் பார்ப்பவருக்குப் பாதி காணாமல் போனது போலத்தான் தெரியும். உங்கள் மச்சினன் விற்றது பழைய நூறு. வந்த நூறு அவருக்கு உரியதுதான்.

ரமணி சொன்னதில் பாதி சரி. பங்குதாரர் கண்ணுக்கு இரண்டும் பெருக்கம்தான். ஆனால் போனஸில் முகமதிப்பு குறையாது. அங்கேதான் இரண்டும் பிரிகின்றன. டீச்சர், கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டுங்கள். ஒரு கம்பெனிக்கு ஒரு கோடிப் பங்கு, முகமதிப்பு 10 ரூபாய். ஆக, பங்கு மூலதனம் 10 கோடி. வருடக்கணக்கில் சேர்த்த லாபம் 90 கோடி காப்பு நிதியாக இருக்கிறது. பங்குதாரர்களின் மொத்த நிதி 100 கோடி. சந்தையில் பங்கு 400 ரூபாய் என்றால் கம்பெனிக்குச் சந்தை போடும் மதிப்பு 400 கோடி.

முதலில் 10 ரூபாய் பங்கை 5 ரூபாய் பங்கு இரண்டாக்குகிறார்கள் என்று வையுங்கள். இரண்டு கோடிப் பங்கு, தலைக்கு 5 ரூபாய், மூலதனம் அதே 10 கோடி. காப்பு நிதியில் கை வைக்கவே இல்லை. ஐந்நூறு ரூபாய் நோட்டுக்குச் சில்லறை வாங்கியது போலத்தான்.

அதற்குப் பதில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தால்? இப்போதும் இரண்டு கோடிப் பங்கு. ஆனால் ஒவ்வொன்றும் 10 ரூபாய்தான். மூலதனம் 20 கோடி ஆக வேண்டும். அந்தப் பத்துக் கோடி காப்பு நிதியிலிருந்து வருகிறது. 90 இருந்தது 80 ஆகிறது. கூட்டிப் பாருங்கள், அதே 100 கோடி. கம்பெனியின் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் வெளியே போகவில்லை, ஆலையும் சரக்கும் அப்படியே இருக்கின்றன. அதே 400 கோடியை இரண்டு கோடியால் வகுத்தால் 200 ரூபாய். பிள்ளைகளின் நஷ்டக் கேள்விக்குப் பதில் இதுதான். டிவிடெண்டு கொடுத்தால் பணம் வெளியே போகும், போனஸில் போகாது.

ஒன்று மட்டும் மாறுகிறது. காப்பு நிதியாக இருந்த அந்தப் பத்துக் கோடியை நாளை டிவிடெண்டாகக் கொடுத்திருக்கலாம். மூலதனமாகிவிட்ட பிறகு அது முடியாது. சேர்த்த லாபமோ வேறு தகுந்த காப்போ இல்லாத கம்பெனி பங்கைப் பிரிக்கலாம், போனஸ் கொடுக்க முடியாது. நிலத்தின் மதிப்பை ஏட்டில் உயர்த்திக் காட்டி, அந்த உயர்விலிருந்து போனஸ் கொடுக்கவும் சட்டம் விடாது.

ரமணி, நகரி

ஒப்புக்கொள்கிறேன் சார். நான் பார்த்ததெல்லாம் பிரிப்பு போலிருக்கிறது. ஆனால் டீமேட் அறிக்கையைப் பார்த்து இது எது என்று சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது?

கதிரேசன், வேலந்தாவளம்

பங்கின் அடையாள எண்ணான ISIN எண்ணைப் பாருங்கள். முகமதிப்பு மாறினால் பழைய எண் போய்ப் புது எண் வரும். போனஸில் அதே எண்ணின் கீழ் பங்கு கூடியிருக்கும். விகிதத்தைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். போனஸ் 1:1 என்றால் இருப்பதற்கு மேல் ஒன்று, ஆக இரண்டு. போனஸ் 2:1 என்றால் ஒன்றுக்கு இரண்டு புதிது, ஆக மூன்று. விலை பாதியாகாது, மூன்றில் ஒரு பங்காகும். பிரிப்பில் 1:5 என்றால் ஒன்று ஐந்தாகிறது, ஆறு அல்ல. ஆலுவாவில் தலைமையகம் உள்ள ஃபெடரல் வங்கி இரண்டையும் செய்திருக்கிறது. 2013-இல் 10 ரூபாய் பங்கை 2 ரூபாய் பங்குகளாக்கியது, 2015-இல் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. அதற்கு முன் 100 பங்கு வாங்கி விற்காமல் இருந்தவரிடம் முதலில் 500, பிறகு 1,000. முகமதிப்பு முதல் தடவை மட்டுமே மாறியது.

முருகேசண்ணாவின் மச்சினனுக்கு வருமான வரியிலும் இது முக்கியம். பங்கை 400-க்கு வாங்கினார் என்று வையுங்கள். பிரிப்பாக இருந்தால் அந்த 400 இரண்டு பங்குக்கும் 200, 200 என்று பகிர்ந்துவிடும், வாங்கிய தேதியும் பழையதே. போனஸ் பங்குக்கு அடக்க விலை பூஜ்யம், அது ஒதுக்கப்பட்ட தேதியே அதன் தேதி. அதனால் அவர் 200-க்கு விற்ற பழைய நூறில் ஏட்டில் 20,000 ரூபாய் நஷ்டம் தெரியும். இப்போது கையில் உள்ள நூறை விற்றால் முழுத்தொகையும் லாபம். பதிவுத் தேதிக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வாங்கியிருந்தால் அந்த நஷ்டத்தை வேறு லாபத்தில் கழிக்க விடமாட்டார்கள், போனஸ் பங்கின் அடக்க விலையாக எடுத்துக்கொள்வார்கள். வாங்கிய தேதியைக் கேட்டுச் சொல்லுங்கள்.

முருகேசன், மீனாட்சிபுரம்

நாலு வருஷம் முன்னால் வாங்கினது. அந்த நூறை விற்காமல் வைக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்று சார், போனஸ் அறிவித்ததும் விலை ஏறியதை நானே பார்த்தேன். மதிப்பு கூடவில்லை என்றால் அது எப்படி?

கதிரேசன், வேலந்தாவளம்

ஏறலாம். கம்பெனி தன் லாபத்தின் மேல் நம்பிக்கையாக இருக்கிறது என்று சந்தை நினைக்கலாம், விலை குறைந்ததும் சிறு முதலீட்டாளர் வாங்க வரலாம். அது வாங்குவோர் மனம். ஏட்டில் நடந்த மாற்றத்தால் கூடிய மதிப்பு அல்ல. இறங்கியும் இருக்கிறது.

செல்வி, கொழிஞ்சாம்பாறை

அப்படியானால் முதலாவதற்கு 'முகமதிப்புப் பிரிப்பு' என்றே எழுதுகிறேன். பிரிவது எது என்று அதிலேயே இருக்கிறது. போனஸுக்குக் 'காப்புநிதிப் பங்கு' என்று வைக்கலாமா? எங்கிருந்து வந்தது என்று காட்டுகிறது.

ரமணி, நகரி

காப்பு என்றதும் எல்லோரும் காப்பீட்டை நினைப்பார்கள் டீச்சர். எல்ஐசி பங்கா என்று கேட்பார்கள். 'மூலதனமாக்கிய பங்கு' சரியாக இருக்கும், நீளம்தான் இடிக்கிறது.

கதிரேசன், வேலந்தாவளம்

என் வாக்கு 'காப்புநிதிப் பங்கு'க்கு. 'நிதி' கூடவே இருப்பதால் காப்பீட்டுக் குழப்பம் அவ்வளவு வராது. முதல் தடவை வரும் இடத்தில் போனஸ் பங்கு என்றும் சேர்த்துப் போடுங்கள், பத்திரிகையில் அதைத்தான் படிக்கப் போகிறார்கள். 'இலவச'த்தை மட்டும் பாடத்தில் எங்கும் விடாதீர்கள். பதிவுத் தேதியன்று மாற்றி வைக்கும் விலைக்கும் ஒரு சொல் வேண்டும். 'போனஸ் நீங்கிய விலை' என்று மேலே எழுதினேன், எனக்கே திருப்தி இல்லை.