ரஷ்யாக்காரங்களுக்கு ஆபீஸ் மெயில் எழுதுறவங்க இருக்கீங்களா? உங்க அனுபவத்தச் சொல்லுங்க

குன்னூர்க்காரன்:
டீ எக்ஸ்போர்ட்ல டாக்குமென்ட்ஸ் பாக்குறேன், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல ஒரு பார்ட்டி. அங்க அக்கவுன்ட்ஸ் மேடம் பேர் மெயில்ல மூணு துண்டா வரும், குஸ்னெத்சோவா எலேனா விக்தரொவ்னா (பேர மாத்திட்டேன்). முதல்ல நிக்கிறது குடும்பப் பேர், நடுவுலதான் அவங்க பேர், அப்பா விக்தர்ங்கறதால கடைசில விக்தரொவ்னா. எங்க ஆபீஸ்ல முன்ன இருந்த பையன் முதல் வார்த்தையப் பிடிச்சுக்கிட்டு டியர் குஸ்னெத்சோவான்னே எழுதிட்டிருந்தான், அவங்க பதிலும் ரெண்டு வரிக்கு மேல வராது, சரியான சிடுமூஞ்சின்னு நாங்களா முடிவு கட்டிட்டோம். அப்புறம் ட்ரான்ஸ்லேட்டர் வச்சு ரஷ்யன்லயே எழுத ஆரம்பிச்சோம், "உவஜாயெமாயா எலேனா விக்தரொவ்னா!"ன்னு தொடங்கி, உவஜாயெமாயான்னா மதிப்புக்குரிய. அதுக்கப்புறம் வந்த மெயில்லாம் வேற மாதிரி, லீவு நாள் எதுன்னு கூட முன்கூட்டியே சொல்றாங்க. ஆனா மரியாதையா எழுதினா விறைப்பா இருக்குமோன்னு எனக்கு இன்னும் ஒரு பயம். நீங்கல்லாம் எப்படிச் சமாளிக்கறீங்க?

ஸ்டீல்பாடி:
ப்ரோ ரூல் சிம்பிள். ரஷ்யன்னா யாரா இருந்தாலும் அப்பா பேர் சேத்தே எழுதணும், விட்டா அவமானம். நான் முன்னாடி மிஸ்டர்க்கு அவங்க சொல்ற கஸ்பதீனையும் போட்டுருவேன், டபுள் மரியாதை.

மாஸ்கோ ரிட்டர்ன்:
பாதிதான் சரி. கஸ்பதீன் குடும்பப் பேரோடதான் ஒட்டும், பேர்+அப்பா பேரோட ஒட்டாது. அதுவும் தெரிஞ்சவங்களுக்குப் போட்டா வக்கீல் நோட்டீஸ் மாதிரி தள்ளி நிறுத்தி வைக்கும். எல்லாருக்கும் அப்பா பேர்ங்கறதும் இல்ல, ஐ.டி. கம்பெனி ஆளுங்க, சின்ன வயசுக்காரங்க நிறைய பேர் கீழ வெறும் எலேனான்னு சைன் பண்ணுவாங்க, அப்ப நீங்களும் எலேனான்னு கூப்பிட்டு, 'நீ' இல்லாம 'நீங்க'வுக்கான "வி"ல எழுதினா போதும். அவங்க எப்படி சைன் பண்றாங்களோ அதுதான் அளவுகோல். ஒண்ணு, லேனா விக்தரொவ்னான்னு எழுதிடாதீங்க, செல்லப் பேரும் அப்பா பேரும் சேரவே சேராது.

குன்னூர் சார், நீங்க கேட்ட விறைப்பு கூப்பிடுறதுல வராது, அதுக்கு அப்புறம் வர்ற வரிலதான் வரும். நான் எழுதிக் குடுத்த ஒரு மெயில் சொல்றேன். சர்ட்டிஃபிகேட்ல இருந்த எடை பில் ஆஃப் லேடிங் எடையோட ஒத்துப் போகல, அந்தப் பக்கத்து அம்மாதான் கண்டுபிடிச்சாங்க. இங்கருந்து போன டிராஃப்ட்: "திருத்தி அனுப்பப்படும். பதிலுக்குக் காத்திருக்கிறோம்." இலக்கணத்துல குத்தமே இல்ல, ஆனா யாரு திருத்துவாங்க எப்ப வரும்னு ஒண்ணுமே இல்ல, கடைசி வரி வேற அதிகாரம் பண்ற மாதிரி. நான் மாத்தினது இப்படி: "உவஜாயெமாயா எலேனா விக்தரொவ்னா! கவனமாகச் சரிபார்த்ததற்கு நன்றி, எடையில் உள்ள வித்தியாசத்தை நாங்களும் உறுதி செய்தோம். திருத்திய பிரதியை வியாழக்கிழமைக்குள் அனுப்புகிறேன். அந்த நாள் உங்களுக்கு வசதியா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்." முடிவுல மரியாதையுடன்னு அர்த்தம் வர்ற வழக்கமான "ஸ உவஜேனியெம்", கீழ பேர். எதுக்கு நன்றின்னு குறிப்பாச் சொல்றதும், நாள் சொல்றதும்தான் அங்க அன்பு. நலம்தானேன்னு நம்ம ஊர் மாதிரி நாலு வரி விசாரிச்சா விஷயத்துக்கு எப்ப வருவான்னுதான் பாப்பாங்க.

கொழும்புத் தங்கச்சி:
அண்ணே, எனக்கு அவையள் எழுதேக்க என்ர அப்பாட பேரைத்தான் போட்டுக் கூப்பிடினம், ஃபோர்ம்ல அப்பா பேர் எண்டு ஒரு கட்டம் இருந்தது, நிரப்பிட்டன். அது பிழையோ?

மாஸ்கோ ரிட்டர்ன்:
தங்கச்சி, இங்க பேசறது நாம அவங்களை எப்படிக் கூப்பிடறதுன்னு. ஆனாலும் சொல்றேன், வெளிநாட்டுக்காரங்களுக்கு அந்தக் கட்டம் பொதுவா காலியாத்தான் இருக்கும். பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே ஃபோர்ம்ல எழுதுங்க, மெயில் கீழ எப்படிக் கூப்பிடணுமோ அந்தப் பேரை மட்டும் போடுங்க.

குன்னூர்க்காரன்:
அப்ப அந்த ஆச்சரியக்குறி? எங்க முதலாளி பாத்துட்டு ஏன்யா அந்தம்மாவக் கத்துறன்னாரு.

மாஸ்கோ ரிட்டர்ன்:
கத்தறது இல்ல, அது அவங்க பழைய வழக்கம். குறி போட்டா அடுத்த வரி பெரிய எழுத்துல தொடங்கும், காற்புள்ளி போட்டா சின்ன எழுத்து. காற்புள்ளியும் நிறைய பேர் போடறாங்க, எனக்கு குறிதான் பிடிக்கும்.

பைப்லைன் ரவி:
எனக்கு ஒரு சிக்கல், ஒருத்தர் சைன் வெறும் ஈ. வி. ஷெவ்சென்கோ. 'கோ'ல முடியற குடும்பப் பேர்ல ஆணா பொண்ணான்னு தெரியாது, ஆணுக்கு உவஜாயெமி, பொண்ணுக்கு உவஜாயெமாயா, எதைப் போடறதுன்னு மண்டை காயுது. கூப்பிடறப்ப இனிஷியல் போட்டாலும் நல்லா இருக்காதாம்.

ஸ்டீல்பாடி:
போன் பண்ணிக் கேட்டுருங்க ப்ரோ.

மாஸ்கோ ரிட்டர்ன்:
அவங்க ரிசப்ஷன்ல முழுப் பேர் கேட்டா சாதாரணமாச் சொல்லுவாங்க, தப்பா நெனைக்க மாட்டாங்க. அவசரம்னா பேர் இல்லாம "தோப்ரி தென்!"னு, அதாவது வணக்கம்னு தொடங்குங்க, முதல் மெயிலுக்கு ஓடிரும்.

பைப்லைன் ரவி:
ஸ்டீல்பாடி, போன் எடுத்த குரல்லயும் கண்டுபிடிக்க முடியலன்னா?