அவசரம்: அக்கவுன்டன்டுக்கு ஆர்டர் அடிக்கணும், இது சரியா?

கடைக்காரர்
திங்கட்கிழமை ஒரு பையன் வேலைக்குச் சேர்றாப்ல. ஆர்டர்ல இப்படிப் போட்டிருக்கேன்: சம்பளம் 18,000. வேலை: கணக்கு. தகுதிகாண் காலம் 6 மாதம், தேவைப்பட்டால் நீட்டிக்கப்படும். இந்தக் காலத்தில் நிர்வாகம் 15 நாள் நோட்டீசில் நீக்கலாம், அவர் விலகினால் 2 மாத நோட்டீஸ். சரியா?

பழைய_எச்ஆர்
எந்த ஊர், மொத்தம் எத்தனை பேர், 18,000 கைக்கா மொத்தமா? இதைக்கூடச் சொல்லாம கேட்டா என்ன சொல்றது? கேள்வி கேக்கவும் கத்துக்கணும் தம்பி.

கடைக்காரர்
கோவை, ஸ்பேர் பார்ட்ஸ் கடை. 14 பேர். மொத்தம்தான்.

மணி_77
6 மாதம் தாண்டினா ஆள் தானாவே பர்மனன்ட். 5 மாதம்னு போடுங்க.

வள்ளி
அப்படி இல்ல மணி அண்ணா. இதுக்கு மேல நீட்டிப்பே கிடையாதுன்னு ஆர்டர்லயே உச்சவரம்பு போட்டு, அதையும் தாண்டி வேலை வாங்கினாத்தான் அந்தப் பேச்சு வரும். 6 மாதம் முக்கியம்தான், காரணம் வேற. தமிழ்நாடு கடைகள் சட்டம் 41-ம் பிரிவுப்படி தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரை நீக்கணும்னா நியாயமான காரணமும் வேணும், ஒரு மாத நோட்டீசோ அந்த மாதச் சம்பளமோ வேணும். தகுதிகாண் காலமும் அந்தக் கணக்குல சேரும். நீங்க 3 மாதம் நீட்டிச்சா, 7-ம் மாதம் உங்க 15 நாள் செல்லாது.

மணி_77
எங்க கடையில தானாவே பர்மனன்ட் ஆச்சே!

பழைய_எச்ஆர்
உங்க ஆர்டர்ல என்ன எழுதியிருந்ததுன்னு பாருங்க முதல்ல.

சுந்தரி
எனக்கு விலகி 3 மாதமாச்சு, இன்னும் ரிலீவிங் லெட்டர் தரல. என்ன செய்ய?

வள்ளி
தனி இழை போடுங்க அக்கா, அங்க பார்க்கலாம்.

கடைக்காரருக்கு: இப்படி எழுதுங்க. "தகுதிகாண் காலம் 6 மாதம், எழுத்து மூலம் 3 மாதம் வரை நீட்டிக்கலாம், எழுத்து மூல உத்தரவின்றி பணி உறுதியானதாகக் கருதப்படாது. முதல் 6 மாதத்தில் இரு தரப்புக்கும் 15 நாள், அதன்பின் 30 நாள் நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம்." அவருக்கு மட்டும் 2 மாதம்னு போட்டா முதல் சண்டையே அங்கதான். திருட்டு மாதிரி குற்றத்துக்கு நோட்டீஸ் வேண்டாம், ஆனா விசாரணை வச்சு, அவர் பதிலை வாங்கிப் பதிவு பண்ணணும்.

சம்பளத்துல 18,000-ன்னு மொட்டையா விடாதீங்க. 14 பேர்னா இ.எஸ்.ஐ. உண்டு. அவர் பங்கு 0.75 சதவீதம், 135 ரூபாய், கைக்கு 17,865. உங்க பங்கு 585, அது தனி. பி.எஃப். 20 பேர்ல இருந்துதான். "கணக்கு" போதாது; பில், வங்கி, மாதக் கடைசி ஸ்டாக் எண்ணிக்கைன்னு விரிச்சு எழுதுங்க.

பழைய_எச்ஆர்
ரெண்டு பிரதி, ஒண்ணுல தேதியோட அவர் கையெழுத்து.

கடைக்காரர்
15/30 மாத்திட்டேன். 2 மாதத்தை எடுக்க அப்பா ஒத்துக்க மாட்டேங்கிறார். பார்க்கறேன், நன்றி.