புதுப்பிப்பு: கடனாளிகள் கட்டுப்பாட்டுக் கணக்கில் 1,800 வித்தியாசம், காரணம் கிடைத்துவிட்டது

நான் கேட்டிருந்தது: “வாடிக்கையாளர் நிலுவைப் பட்டியலின் மொத்தம் கட்டுப்பாட்டுக் கணக்கைவிட 1,800 அதிகம். எங்கே தேடுவது?”

எல்லோருக்கும் நன்றி. 9-ஆல் வகுபடுவதால் இலக்கம் இடம் மாறியிருக்கும் என்றார் ஒருவர்; நியாயமான சந்தேகம், ஆனால் அப்படி எதுவும் இல்லை. கடன் கொடுத்தோர் கணக்கைப் பற்றி எழுதியவருக்கு: என் கேள்வி அதுவல்ல. “வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகையைத் தேடுங்கள்” என்ற மூத்த கணக்காளரின் யோசனைதான் பலித்தது. 900-க்குச் சரக்கு திரும்பி வந்ததை ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் வரவு வைக்காமல் பற்று வைத்திருந்தேன். கட்டுப்பாட்டுக் கணக்குக்கு விற்பனைத் திருப்ப ஏட்டின் மாத மொத்தம் சரியாகவே போயிருந்தது. அதனால் பட்டியலின் மொத்தம் மட்டும் 900-இன் இருமடங்கு, அதாவது 1,800, கூடிவிட்டது.

எதிர்பாராத ஒன்று: தேடும்போது 640-க்கான பில் ஒன்று, அதே பெயருள்ள வேறொருவர் கணக்கில் கிடந்தது. அது இரண்டு மொத்தங்களையும் அசைக்கவே இல்லை. வாடிக்கையாளருக்குக் கணக்கு அறிக்கை அனுப்பாமல் இதைப் பிடிக்க வழி உண்டா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.