சலாகைகளை ஒட்டி வரைவதா, இடைவெளி விட்டு வரைவதா?

வெள்ளவத்தை மிஸ்:
என் வகுப்பில் சாதாரண தரப் பிள்ளைகள் 43 பேருக்கு மாதிரிப் பரீட்சை வைத்தேன். 0–34 எடுத்தவர்கள் 7 பேர், 35–49இல் 6, 50–64இல் 9, 65–74இல் 8, 75–100இல் 13. சலாகைகளை ஒட்டி வரைந்து பெற்றோருக்குக் காட்டினேன். கடைசிச் சலாகைதான் உயரம். எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது: அந்த வகுப்பாயிடைகளின் அகலம் ஒன்றல்லவே!

கொட்டாஞ்சேனைத் தம்பி:
மிஸ், எக்செல்லில் சலாகைகளின் இடைவெளியான Gap Width என்பதை 0% ஆக்கினால் அது Histogram என்கிற வலையுரு வரையம்தான். நான் அலுவலகத்தில் அப்படித்தான் செய்கிறேன்.

தெஹிவளை அண்ணா (புள்ளிவிபரம் படிப்பிக்கிறவர்):
தம்பி, அகலம் எல்லாம் சமமாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி வரும். மிஸ்ஸின் கணக்கில் வராது. வலையுரு வரையத்தில் ஆட்களைச் சொல்வது பரப்பு, உயரம் அல்ல. 5 புள்ளிக்கு எத்தனை பேர் என்று பாருங்கள். முதல் ஆயிடை 35 புள்ளி அகலம், 7 பேர், எனவே 1. அடுத்தது 15 புள்ளிக்கு 6 பேர், எனவே 2. பிறகு 3, அதற்கடுத்து 4. கடைசியில் 26 புள்ளிக்குள் 13 பேர் பரவியிருப்பதால் 2.5தான். உச்சி 65–74க்கு நகர்ந்துவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் படத்தில் 0–34 சலாகை 35–49ஐ விட உயரம், உண்மையில் அதன் நெருக்கம் பாதிதான். எக்செல்லின் Histogram வகையும் இதற்கு உதவாது, அது சம அகலத்தில்தான் பிரிக்கும். 43 பேரின் புள்ளிகளையும் அப்படியே கொடுத்து Bin width 10 என்று வைத்தால் போதும்.

வெள்ளவத்தை மிஸ்:
ஆனால் பெற்றோர் கேட்பது எத்தனை ஏ, எத்தனை பீ என்றுதான்.

தெஹிவளை அண்ணா:
அதற்கென்றால் இடைவெளி விட்ட சலாகை வரைபே சரி, தரம் என்பது பெயர்தானே. புள்ளி அச்சை மட்டும் கீழே போடாதீர்கள்.

புறக்கோட்டை அரிசிக்கடை:
எனக்கும் ஒரு கூத்து நடந்தது. சம்பா, நாடு, கீரிச்சம்பா, பச்சையரிசி என்று 12 வகையின் மாத விற்பனையைக் கொடுத்து Histogram அழுத்தினேன். அரிசிப் பெயர் ஒன்றையும் காணோம், மூன்று சலாகைதான் வந்தது. மகள்தான் சொன்னாள், "அப்பா, இவ்வளவு தொகைக்கு விற்ற வகைகள் எத்தனை என்று அது எண்ணியிருக்கிறது." பிறகு சலாகை வரைபில் கூட விற்றது முதலில் வரும்படி அடுக்கினேன். இப்போது எதைக் கூட இறக்குவது என்று பார்த்தவுடன் தெரிகிறது. ஆனால் 1, 5, 10, 25 கிலோ பைகள் எண்தானே, அதற்கு எது?

கொட்டாஞ்சேனைத் தம்பி:
எண் என்றால் ஒட்டி வரையலாம் அண்ணா.

தெஹிவளை அண்ணா:
நான் ஒட்ட மாட்டேன். 5க்கும் 10க்கும் நடுவில் 7 கிலோ பை நீங்கள் விற்பதில்லையே. ஒவ்வொரு பில்லின் தொகையையும் எடுத்தால் அதற்கு வலையுரு வரையம் பொருந்தும்.

புறக்கோட்டை அரிசிக்கடை:
பில் புத்தகம் இருக்கிறது. ஆனால் மொத்த வியாபாரிகளின் பில்லையும் வீட்டுக்காரர் பில்லையும் ஒன்றாகப் போடலாமா?