அரபுக் குறுஞ்செய்தியில் ஆர்டர் எண் சில நேரம் மட்டும் முன்பின்னாக மாறுகிறது: காரணம் என்ன?

கேள்வி (நள்ளிரவு_நிரல்):

வாடிக்கையாளர்களுக்கு அரபு மொழியில் குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு நிரலை நான் பராமரித்து வருகிறேன். அரபு வாக்கியத்தின் நடுவே ஆர்டர் எண்ணை நிரல் செருகுகிறது. தரவுத்தளத்தில் இருப்பது `4471-2093`. ஆனால் சிலருடைய திரையில் அது இப்படித் தெரிகிறது:

```
2093-4471
```

அவர்கள் உதவி மையத்தை அழைத்து, திரையில் கண்டபடியே எண்ணைச் சொல்கிறார்கள். அப்படி ஓர் ஆர்டரே இல்லை என்று எங்கள் பக்கம் பதில் சொல்கிறது. எல்லாச் செய்திகளிலும் இப்படி நடந்தால் எங்கே தவறு என்று எளிதில் பிடித்துவிடலாம். அதே கைப்பேசியில், அதே நாளில், வேறொரு செய்தியில் எண் சரியாகவே இருக்கிறது. எண்கள் அனைத்தும் 0 முதல் 9 வரையிலான வழக்கமான இலக்கங்கள்தாம். அனுப்பிய பதிவைத் திறந்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துவிட்டேன். அங்கே வரிசை மாறவில்லை. இது எழுத்துருவின் கோளாறா?

மறுமொழி 1 (பழைய_கணினி):

எழுத்துருவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எண்ணுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத `U+200E` என்ற குறியைச் சேர்த்து அனுப்புங்கள். எங்கள் பணியிடத்தில் இதே சிக்கல் அந்த ஒரே மாற்றத்தில் தீர்ந்துவிட்டது. அதன்பின் யாரும் புகார் சொல்லவில்லை.

மறுமொழி 2 (சுவரொட்டி):

எனக்கும் இதே தொல்லைதான். சுவரொட்டி வடிவமைக்கும் மென்பொருளில் அரபு வரியை ஒட்டினால் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக உதிர்ந்து நிற்கின்றன. வரியும் இடமிருந்து வலமாக ஓடுகிறது. பைத்தானில் `arabic_reshaper`, `python-bidi` ஆகிய இரண்டையும் பயன்படுத்தி வரியைத் திருப்பிய பிறகுதான் சரியானது. நீங்களும் அனுப்புவதற்கு முன் அப்படியே திருப்பிவிடலாமே?

மறுமொழி 3 (வலமிடம்):

முதலில் மறுமொழி 2 பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மென்பொருளுக்கு அரபு எழுத்துகளைச் சேர்க்கவும் தெரியவில்லை, வலமிருந்து அடுக்கவும் தெரியவில்லை. ஆகவே அந்த வேலையை நீங்களே செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. கைப்பேசியோ அதைத் தானே செய்கிறது. நாம் ஒருமுறை திருப்பி அனுப்பினால் அது இன்னொரு முறை திருப்பும். கேட்டவர் தயவுசெய்து அந்த வழியில் போக வேண்டாம், தேடலும் கெட்டுவிடும்.

இனி கேள்விக்கு வருகிறேன். சில செய்திகளில் மட்டும் ஏன் என்பதில்தான் விடை இருக்கிறது. யூனிகோடின் இருதிசை விதிகளில் இலக்கங்களுக்கு என்று உறுதியான திசை கிடையாது; தமக்கு முன்னால் கடைசியாக வந்த எழுத்து எந்த மொழியுடையது என்பதைப் பார்த்தே அவை நடந்துகொள்கின்றன. முன்னால் இருப்பது ஆங்கில எழுத்தானால், எண் முழுவதும் அந்த ஆங்கிலச் சொல்லின் தொடர்ச்சியாக இடமிருந்து வலமாக நிற்கும். முன்னால் இருப்பது அரபு எழுத்தானால், இலக்கங்கள் அரபு எண்களாகக் கருதப்படும். அப்போதும் 4471 என்பது 4471 ஆகவே இருக்கும். ஆனால் நடுவில் உள்ள ஹைஃபனுக்கு அரபு எண்களைப் பிணைக்கும் ஆற்றல் இல்லை. அது வலமிருந்து ஓடும் வரியின் சாதாரண நிறுத்தக்குறியாகிவிட, இரண்டு துண்டுகளும் வலமிருந்து இடமாக அடுக்கப்படுகின்றன. முதல் துண்டு வலப்பக்கம் போய்விடுகிறது.

உங்கள் செய்திகளில் எண்ணுக்குச் சற்று முன் `USB Cable` போன்ற ஆங்கிலப் பொருட்பெயர் வருபவை சரியாகவும், அரபுச் சொல்லை அடுத்து எண் வருபவை மாறியும் இருக்கும் என்று நினைக்கிறேன். பிரித்துப் பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், ஹைஃபனுக்குப் பதில் சாய்கோடு இருந்திருந்தால், அதாவது `4471/2093` என்று இருந்திருந்தால், எண் மாறியிருக்காது; சாய்கோடு, முற்றுப்புள்ளி, கோலன் ஆகியவை இரண்டு அரபு எண்களுக்கு நடுவே தனித்து வந்தால் பிணைந்தே நிற்கும். இடைவெளி பிணைக்காது என்பதால்தான், இடைவெளி விட்டு எழுதிய தொலைபேசி எண்களும் இதே போல் துண்டு துண்டாக இடம் மாறுகின்றன.

கேட்டவர்:

இருபது செய்திகளைப் பிரித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது, ஒன்றுகூட விலகவில்லை. மறுமொழி 1 சொன்ன `U+200E` குறியையும் சேர்த்தேன்; ஆர்டர் எண் சரியாகிவிட்டது. ஆனால் புதிதாக ஒன்று கெட்டிருக்கிறது. ஆர்டர் எண்ணை அடுத்து "3 உருப்படிகள்" என்பதற்கான அரபுத் தொடர் வருகிறது. அந்த 3 இப்போது எண்ணுக்கு வலப்பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது:

```
4471-2093 3
```

மறுமொழி 4 (வலமிடம்):

எதிர்பார்த்ததுதான். `U+200E` என்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆங்கில எழுத்தைப் போன்றது. அது தன் பின்னால் வரும் இலக்கங்களைத் தன் திசைக்கு இழுக்கிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அடுத்த அரபு எழுத்து வரும்வரை உள்ள 3-ஐயும் சேர்த்தே இழுத்துக்கொண்டது. மறுமொழி 1 எழுதியவரின் செய்திகளில் எண்ணை அடுத்து உடனே அரபுச் சொல் வந்திருக்கும். அதனால் அவருக்கு அது போதுமானதாக இருந்திருக்கும்.

தேவைப்படுவது, தொடக்கமும் முடிவும் உள்ள வேலி. யூனிகோட் 6.3 பதிப்பில், 2013-இல், அதற்கென்றே குறிகள் வந்தன. செருகும் ஒவ்வொரு துண்டையும் இப்படிச் சுற்றுங்கள்:

```python
def veli(s):
    return "\u2068" + s + "\u2069"
```

`U+2068` உள்ளே முதலில் வரும் எழுத்தைப் பார்த்துத் திசையைத் தீர்மானிக்கும். உள்ளே எழுத்தே இல்லாமல் எண் மட்டும் இருந்தால் இடமிருந்து வலமாக வைக்கும். பொருட்பெயர் சில நேரம் அரபிலும் சில நேரம் ஆங்கிலத்திலும் வரும் என்பதால் இதுவே உங்களுக்கு ஏற்றது. வேலிக்கு வெளியே உள்ள 3 அதன்பின் அரபு வரியோடு போகும். `C++` போன்ற பெயரின் கடைசிக் கூட்டல் குறிகள் இடப்பக்கம் தாவுவதும் இதிலேயே நின்றுவிடும். இணையப் பக்கமானால் இந்தக் குறிகளுக்குப் பதிலாக `<bdi>` போதும்.

மறுமொழி 5 (பழைய_கணினி):

ஏற்றுக்கொள்கிறேன், எங்கள் வார்ப்புருவில் எண்ணுக்குப் பின் அரபுச் சொல்தான் இருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. வாடிக்கையாளர் எண்ணை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டும்போது இந்த மறைகுறிகளும் கூடவே வரும். பார்வைக்கு எண் சரியாக இருந்தும் "கிடைக்கவில்லை" என்று வரும். எங்களை இது ஒரு வாரம் அலைக்கழித்தது. உள்ளீட்டைப் பெறும் இடத்தில் அவற்றை நீக்கிவிடுங்கள்:

```python
s = re.sub("[\u061c\u200e\u200f\u202a-\u202e\u2066-\u2069]", "", s)
```

மறுமொழி 6 (வலமிடம்):

மிகச் சரி. இன்னொன்றும் உண்டு: அரபுக் குறுஞ்செய்தி ஒன்றில் 70 எழுத்துகளே அடங்கும். ஒவ்வொரு வேலியும் அதில் இரண்டைத் தின்னும். விளிம்பில் நிற்கும் செய்தி இரண்டாக உடைந்து, இரண்டுக்குக் கட்டணம் ஆகலாம்.

கேட்டவர்:

வேலி வேலை செய்கிறது. 3 தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. தேடலிலும் நீக்கிவிட்டேன். கடைசியாக ஒரு கேள்வி: `10:00-14:00` என்ற விநியோக நேரத்துக்கும் வேலி போடவா? இப்போது அது `14:00-10:00` என்று தெரிகிறது.

மறுமொழி 7 (மெய்ப்பு_பார்ப்பவர்):

நான் அரபு மெய்ப்புப் பார்க்கிறேன். அதற்குப் போடாதீர்கள். அரபு வாசகர் வரியை வலமிருந்து படிப்பதால் 10:00 முதல் 14:00 வரை என்றே அவருக்கு வரும். அது பிழையே அல்ல.

மறுமொழி 8 (வலமிடம்):

நான் சற்று மாறுபடுகிறேன். அதே வாசகர் செயலியில் இடமிருந்து வலமாக எழுதிய நேரங்களையும் நாள்தோறும் பார்க்கிறார். `08:00-10:00` போன்ற இடைவெளியில் எது தொடக்கம் என்று கண்டுகொள்வார், ஆனால் நள்ளிரவைத் தாண்டும் `22:00-02:00` என்றால் தடுமாறுவார். ஹைஃபனை எடுத்துவிட்டு "முதல்", "வரை" என்பதற்கான அரபுச் சொற்களையே எழுதச் சொல்வேன்.

மறுமொழி 9 (மெய்ப்பு_பார்ப்பவர்):

சொற்களில் எழுதுவதானால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த 70 எழுத்துகளில் இடம் இருக்குமா என்று பாருங்கள்.